வட்டப்படத்தில் விடுபட்ட அம்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஒருங்கிணைந்த பண்ணையம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மாடு, ஆடு, கோழி, பயிர் நான்கையும் வட்டமாக வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி போட்ட படமும் பார்த்தேன். சோளத்தட்டு மாட்டுக்கு, சாணம் எருக்குழிக்கு, குழியில் நெளியும் புழு கோழிக்கு, எரு வயலுக்கு. எல்லாம் சரிதான். ஆனால் எந்த அம்பு வழியாக எவ்வளவு போகிறது என்று எங்குமே சொல்லவில்லை. வயலுக்குத் திரும்ப வேண்டிய சத்தில் பெரும்பங்கைச் சுமக்கும் அம்பு படத்திலேயே இல்லை. மாட்டு மூத்திரத்தைத்தான் சொல்கிறேன். அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

கணக்கோடு பேசினால் புரியும் என்பதால் எங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். தாராபுரம் பக்கம், கிணற்றுப் பாசனம், 3 ஏக்கர். 2 கலப்பினக் கறவை மாடுகள், ஒரு கிடேரி, 10 பெட்டை ஆடுகள், இருபது இருபத்தைந்து நாட்டுக்கோழிகள். அரை ஏக்கரில் கோ 5 கம்பு நேப்பியர் புல், கால் ஏக்கரில் வேலிமசால், 2 ஏக்கரில் கடலையும் சோளமும் மாற்றி மாற்றி. மீதி கிணறு, மாட்டுச்சாளை, வாசல். மேற்கு மாவட்டங்களில் பல தோட்டங்கள் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும்.

மாடு ஒன்றுக்கு நாளைக்கு 25 கிலோ பசும்புல் வேண்டும், கிடேரிக்கு 15 கிலோ, ஆட்டுக்குத் தலைக்கு 3 கிலோ. கூட்டினால் நாளைக்கு 95 கிலோ, வருடத்துக்குச் சுமார் 35 டன். நேப்பியர் ஏக்கருக்கு 140, 150 டன் வரும் என்று சொல்வார்கள். எங்கள் தண்ணீருக்கு அதில் பாதி வந்தாலே நல்ல விளைச்சல். அப்படிப் பார்த்தால் அரை ஏக்கர் புல் இத்தனை உருப்படிகளுக்கு மட்டுமட்டாகப் போதும். சித்திரை, வைகாசியில் புல் பாதியாகக் குறையும்போது வேலிமசாலும் சோளத்தட்டும் கடலைக்கொடியும் கைகொடுக்கும். எத்தனை மாடு வைக்கலாம் என்பதை ஐப்பசியில் செழித்து நிற்கும் புல்லைப் பார்த்து முடிவு செய்தால், வைகாசியில் வைக்கோல் வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கட்டுரை தொடாமல் விட்ட இடம் இனிமேல்தான் வருகிறது. 35 டன் பசும்புல்லில் காய்ந்த எடை ஆறு டன்னுக்குச் சற்று அதிகம். அதில் தழைச்சத்து மட்டும் சுமார் 80 கிலோ. அதாவது அந்த அரை ஏக்கரிலிருந்து வருடா வருடம் 80 கிலோ தழைச்சத்தை அறுத்து வெளியே எடுக்கிறோம். திரும்ப என்ன போடுகிறோம்? மாடு ஒன்று நாளைக்கு 15 கிலோ சாணம் போடும். கிடேரியையும் சேர்த்தால் 38, 40 கிலோ. வருடத்துக்கு 14 டன். குழியில் மட்கிக் குறைந்து எடுக்கும்போது ஏழு, எட்டு டன் தொழுவுரமாக இருக்கும். தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப்பங்கு. ஆக மொத்தம் 37 கிலோ. குழியில் உள்ள எரு முழுவதையும் புல்லுக்கே கொட்டினாலும் எடுத்ததில் பாதியைத்தான் திருப்பித் தருகிறோம். நாமோ அந்த எருவைக் கடலைக்காட்டுக்குக் கொண்டுபோகிறோம். ஏக்கருக்கு 5 டன் என்ற பரிந்துரைப்படி போட்டால் அது ஒன்றரை ஏக்கருக்குக் காணும். புல்வயலுக்கு ஒன்றும் மிஞ்சாது. இரண்டாம் வருடமே புல் வெளுத்து, தூர் மெலிந்துபோவதற்குக் காரணம் இதுதான். ரகம் சரியில்லை என்று கரணையை மாற்றிப் பயனில்லை.

அப்படியானால் மீதித் தழைச்சத்து எங்கே போயிற்று? மூத்திரத்தில். மாடு ஒன்று நாளைக்குச் சுமார் 8 லிட்டர் பெய்யும், கிடேரி 4 லிட்டர். நாளைக்கு 20 லிட்டர், வருடத்துக்கு 7,300 லிட்டர். மாட்டு மூத்திரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 70 கிலோவுக்கு மேல் வருகிறது. யூரியாவாகச் சொன்னால் மூன்று மூட்டைக்கு மேல். சாம்பல் சத்து அதைவிட அதிகம். ஜீவாமிர்தத்துக்கு 10 லிட்டர் பிடித்துக்கொண்டு மற்றதைக் கட்டுத்தரையில் ஊறவிடுகிற நண்பர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஊறியதில் பெரும்பகுதி சாணத்தோடு கலந்து சில மணி நேரத்திலேயே அம்மோனியாவாக மாறிக் காற்றில் போகிறது. காலையில் சாளைக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் நமது உரம்தான் ஆவியாகிறது. சாளைச் சுவரை ஒட்டி ஒரே இடத்தில் மட்டும் அருகம்புல் கரும்பச்சையாகப் படர்ந்திருந்தால் மூத்திரம் அந்தப் பக்கம் கசிகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் சாளையில் செய்திருப்பது பெரிய வேலை ஒன்றும் இல்லை. மாடு நிற்கும் தரைக்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் சாய்வு, மாட்டின் பின்பக்கம் ஓரடி அகலத்தில் ஆழமில்லாத வாய்க்கால், அதன் முடிவில் ஒரு தொட்டி. காலையில் சாணத்தை அள்ளிய பிறகுதான் தரையைக் கழுவுகிறோம். 20 லிட்டர் மூத்திரத்தோடு 200 லிட்டர் கழுவிய தண்ணீரும் சேர்ந்துவிடுவதால் தனியாகக் கலக்க வேண்டியதில்லை. புல்வயல் 45 பாத்திகளாகப் பிரிந்திருக்கிறது. நேப்பியரை 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம் என்பதால் நாளைக்கு ஒரு பாத்தி. நேற்று அறுத்த பாத்திக்கு இன்றைய தொட்டித் தண்ணீர் பாய்கிறது. ஒவ்வொரு பாத்தியும் வருடத்துக்கு எட்டு முறை அறுபட்டு, எட்டு முறை குடிக்கிறது. சாளை மேட்டிலும் புல் பள்ளத்திலும் இருப்பதால் மோட்டாரும் தேவைப்படவில்லை. புதிதாகச் சாளை போடுகிறவர்கள் இடம் பார்க்கும்போதே இதைக் கவனித்துவிட்டால் நல்லது.

பாத்தி மாற்றுவதில் சோம்பல் கூடாது. பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரே பாத்திக்குத் தினமும் விட்டால் அந்தப் புல் கறுகறுவென்று வளரும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீரில்லாமல் வாடி நின்று, ஒரு மழை கிடைத்ததும் திடீரென்று தளதளக்கும் நாட்களில் அதில் நைட்ரேட் சேர்ந்திருக்கும். வெறும் வயிற்றில் அதைத் தின்ற மாட்டுக்கு மூச்சு வாங்கும், இரத்தம் பழுப்பாகும், சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அப்படிப்பட்ட புல்லைச் சில நாள் விட்டு முற்றிய பிறகு அறுத்து, தட்டோடு கலந்துதான் போட வேண்டும். அப்புறம், கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே உப்பாக இருந்தால் மூத்திரத்தை இன்னும் அதிகமாகக் கரைத்துத்தான் விட வேண்டும். சொட்டுநீர்க் குழாயில் அப்படியே விடவும் கூடாது, அடைத்துக்கொள்ளும்.

சிமெண்ட் தரைக்கு வசதியில்லாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. மாடு தின்றது போக ஒதுக்கிய தட்டும் கூளமும் தலைக்கு இரண்டு மூன்று கிலோ வீதம் சாயங்காலம் காலடியில் பரப்பி, நனைந்ததைக் காலையில் சாணத்தோடு வாரிக் குழியில் போடலாம். சாஃப் கட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கூளமே மிஞ்சாது. அவர்கள் கடலைத்தொலியையோ கரும்புத் தோகையையோ போடலாம். அதுவும் இல்லை என்றால் கட்டுத்தரையில் காய்ந்த மண்ணைப் பரப்பி, ஊறிய பிறகு சுரண்டி வயலில் போடுகிற நம் பெரியவர்களின் பழக்கம் இருக்கவே இருக்கிறது. குழியும் மேட்டில், நிழலில் இருக்க வேண்டும். மூன்றடி ஆழம் போதும். குழியை ஒரு ஓரத்திலிருந்து பகுதி பகுதியாக நிரப்பி, நிரம்பிய பகுதியைச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிட்டால் நாலைந்து மாதத்தில் எரு தயார். மழை நாளில் குழியைச் சுற்றிக் காப்பித் தண்ணீர் போலப் பழுப்பாக ஓடினால் சத்து வாய்க்காலில் போகிறது என்று அர்த்தம்.

கோழிக்கும் ஆட்டுக்கும் கட்டுரையில் போட்டிருந்த அம்புகளில் இரண்டு திருத்தம் உண்டு. இருபது கோழியின் எச்சம் எடையில் அற்பம். கோழி குழிக்குச் செய்யும் உதவி வேறு. காண்டாமிருக வண்டின் கொழுத்த வெள்ளைப் புழு எருவில்தான் வளரும், வண்டானதும் தென்னங்குருத்துக்குப் போகும். கோழி மேலாகத்தான் கிளறும். அதனால் இன்னும் மெழுகாத பகுதியை வாரம் ஒருமுறை முள்கரண்டியால் புரட்டிவிட்டுக் கோழியைத் திறந்துவிட வேண்டும். புரட்டின இடத்தில் வளைந்து கிடக்கும் புழுவுக்குக் கோழிகள் அடித்துக்கொள்வதைப் பார்க்கலாம். குஞ்சுகளுக்கு என்றால் பழைய சாக்கு, கூளம், சாணம் மூன்றையும் நனைத்து ஒரு பானையில் திணித்து, சாயங்காலம் கரையான் புற்றுப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும்.

ஆட்டுப் புழுக்கை சத்து மிகுந்தது, தழைச்சத்து நூற்றுக்கு மூன்று பங்கு வரை இருக்கும். ஆனால் பரணுக்கு அடியிலிருந்து வாரிய பச்சைப் புழுக்கையை ஆட்டுக்கு அறுக்கிற புல்லில் போடவே கூடாது. புழுக்கையில் உள்ள குடற்புழு முட்டை ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் ஒரு வாரத்தில் பொரித்துப் புல்லில் ஏறிவிடும். நாமே அதை அறுத்து ஆட்டுக்கு ஊட்டுவதாகிவிடும். ஆட்டின் கீழ் இமையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு மங்கி வெளுத்திருந்தால், தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கினால், இரத்தம் உறிஞ்சும் புழு ஏறியிருக்கிறது. புழுக்கையை மட்கவைத்து, மிளகாய், தக்காளி போன்ற காய்கறிக்குப் போடுவதே பாதுகாப்பு. இன்னொன்று, கறிக்கோழிப் பண்ணைக் கூளத்தைச் சிலர் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார்கள். கோழித் தீவனத்தில் சேர்க்கும் தாமிரம் அதில் மிஞ்சியிருக்கும், செம்மறிக்கு அது விஷம். அந்தக் கூளம் வயலுக்கு மட்டும் போகட்டும்.

கடைசியாக ஒன்று. ‘வெளியிலிருந்து எதுவுமே வாங்கத் தேவையில்லை’ என்று கட்டுரையில் இருந்த வரியை நான் ஏற்கவில்லை. பால் கேன், குட்டி, முட்டை, கடலை மூட்டை எதுவானாலும் சத்தோடுதான் தோட்டத்தை விட்டுப் போகிறது. நாம் வாங்கும் கலப்புத் தீவனம்தான் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. 50 கிலோ மூட்டை ஒன்றில் ஒன்றரைக் கிலோ தழைச்சத்து இருக்கிறது. மாடு அதில் கால்பங்கைத்தான் பாலாக்குகிறது, முக்கால்பங்கு சாணமும் மூத்திரமுமாக வெளியே வருகிறது. மூத்திரத்தைப் பிடிக்கிறவருக்கு அந்தத் தீவனக் காசு புல்லிலும் பலன் தரும். பிடிக்காதவர் தீவனத்துக்கும் யூரியாவுக்கும் தனித்தனியாகக் காசு கொடுக்கிறார்.

அந்தப் படத்தை மறுபடி வெளியிடும்போது ஒவ்வொரு அம்பின் மேலும் கிலோவையும் லிட்டரையும் எழுதிப் போடுங்கள். கட்டுத்தரையின் சாய்வு, வாய்க்கால், தொட்டி மூன்றையும் அளவோடு ஒரு வரைபடமாகத் தந்தால், சாளை போடும் கொத்தனாரிடம் அப்படியே காட்ட முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தாராபுரம் வட்டம்