கண்தான அறக்கட்டளைக்குத் திட்டம் எழுதும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் தொடர்பியல் தாளுக்கு அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருக்கும் இதழியல், விஸ்காம் மாணவர்களுக்கு வணக்கம்.

சிறிய அறக்கட்டளை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் தொடர்புடையோர் வரைபடத்தையும் ஊடகத் தொடர்புத் திட்டத்தையும் தயாரிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தரப்பட்ட வேலை. வருகிற விடைகளில் பலவற்றில் அறக்கட்டளையின் பெயரை அடித்துவிட்டு வேறொரு பெயரை எழுதினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. நன்கொடையாளர், தன்னார்வலர், பயனாளி, அரசு, ஊடகம், பொதுமக்கள் என்று ஆறு பேர் நான்கு கட்டங்களுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த பக்கத்தில் நாளிதழ்களின் பட்டியல் இருக்கும். இரண்டு பக்கங்களுக்கும் ஒரு தொடர்பும் இருக்காது. குறை அங்கேதான் இருக்கிறது.

கண்தானத்துக்காக வேலை செய்யும் ஓர் அறக்கட்டளையை எடுத்துக்கொள்வோம். மாவட்டத் தலைநகரில் ஒரு சிறிய அலுவலகம், முழுநேர ஊழியர்கள் இரண்டு பேர், ஒரே ஒரு கைப்பேசி எண். கண் வங்கி 40 கிலோமீட்டர் தள்ளி உள்ள மருத்துவமனையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குறிக்கோள். "விழிப்புணர்வு ஏற்படுத்துதல்" என்று எழுதினால் அதற்கு வரைபடமே வரைய முடியாது, ஏனென்றால் அதில் யாரும் எந்த முடிவும் எடுப்பதில்லை. இறந்தவரின் கருவிழியைப் பொதுவாக 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். குழு கிளம்பி 40 கிலோமீட்டர் வந்து சேர வேண்டும், குடும்பத்தாரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். எடுக்கும் வேலை மட்டும் 15 முதல் 20 நிமிடம். அதனால் குறிக்கோளை இப்படி எழுதுங்கள்: "இறப்பு நடந்த வீட்டிலிருந்து 2 மணி நேரத்துக்குள் அழைப்பு வர வேண்டும்." இப்போது கேள்வி தெளிவாகிவிடுகிறது. அந்த 2 மணி நேரத்தில் அந்த வீட்டில் யார் இருப்பார்கள், யார் போனை எடுப்பார்கள்?

தொடர்புடையோரை அவரவர் அதிகாரத்தையும் ஆர்வத்தையும் வைத்து நான்காகப் பிரிக்கும் மென்டெலோவின் அதிகாரம்–ஆர்வம் கட்டம் இதைக் கேட்டதும் தலைகீழாகிறது. உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவரைத்தான் மாணவர்கள் வழக்கமாக அதிகாரமும் ஆர்வமும் மிகுந்தவர்களுக்கான மேல் வலது மூலையில் வைப்பார்கள். அவருக்கு ஆர்வம் உண்டு, ஆனால் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அவர் உயிரோடு இல்லை. சம்மதம் சொல்ல வேண்டியவர் மனைவியோ கணவரோ மகனோ மகளோதான். படிவம் நிரப்பிய நாளில் அவர்களுக்கு அதில் அக்கறை இருந்திருக்காது, படிவம் பீரோவில் இருப்பதுகூடத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே ஒரே கட்டம் போதாது. படிவம் நிரப்பும் நாளுக்கு ஒன்று, இறப்பு நடந்த நாளுக்கு ஒன்று என இரண்டு வரையுங்கள். ஒரே ஆள் இரண்டிலும் எங்கெங்கே நகர்கிறார் என்று அம்புக்குறி போடுங்கள்.

இரண்டாவது கட்டத்தில்தான் பாடப்புத்தகத்தில் இல்லாத ஆட்கள் வருவார்கள். இறப்பை உறுதிசெய்ய வரும் குடும்ப மருத்துவர். ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுபவர். அமரர் ஊர்தி ஓட்டுநர். பந்தல், நாற்காலி போடுபவர். தெருவில் எந்தச் சாவு என்றாலும் முன்னால் நிற்கும் அந்த ஒரு பெரியவர். விபத்து மரணம் என்றால் காவல் நிலைய அதிகாரி. இவர்களில் ஃப்ரீசர் பாக்ஸ்காரரை நாங்கள் முதலிடத்தில் வைப்போம். நகரங்களில் அவருக்கு அழைப்பு போவது பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள். கண்தானத்தில் அவருக்குத் தனியாக எந்த ஆர்வமும் இல்லை, ஆனால் வீட்டாரிடம் "கண் கொடுக்கிற எண்ணம் இருக்கா?" என்று கேட்கக்கூடிய நிலையில் இருப்பவர் அவர்தான். பெட்டியின் ஓரத்தில் தொலைபேசி எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்ட அவர் சம்மதித்தால், அது ஒரு பெரிய பேட்டியைவிட அதிகம் வேலை செய்யும். அவர் தொழிலுக்கு இதனால் சங்கடம் வருமா என்பதை அவரிடமே போய்க் கேளுங்கள்.

கண் வங்கியை "கூட்டாளி அமைப்பு" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். இரவு 11 மணிக்கு அழைத்தால் குழு வருமா, எத்தனை கிலோமீட்டர் வரை வருவார்கள், ஒரே இரவில் இரண்டு வீடுகளிலிருந்து அழைப்பு வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஊடகத் திட்டத்தின் எல்லையை இந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது. குழு ஒரு மாவட்டத்துக்குள்தான் வரும் என்றால், மாநிலம் முழுக்கப் போகும் செய்தியில் அந்த எண்ணைப் போடுவது தவறு. தொலைவிலிருந்து அழைக்கும் குடும்பத்துக்கு "வர முடியாது" என்று சொல்ல வேண்டிவரும், அந்தத் தெருவில் அதன்பின் யாரும் அழைக்க மாட்டார்கள். ஆகவே நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள், உள்ளூர் கேபிள் சேனல், சமுதாய வானொலி இருந்தால் அது. இவ்வளவு போதும்.

தேசியக் கண்தான இருவார விழா ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை. எல்லாக் கண் மருத்துவமனையும் அப்போதுதான் பேரணி நடத்தும், எல்லாச் செய்திக்குறிப்பும் அதே செய்தியாளர் கைக்குத்தான் போகும். அந்த நாட்களில் ஒரு செய்தி வந்தால் போதும் என்று வைத்துக்கொண்டு, மீதியை வேறு மாதங்களுக்குப் பிரித்து வையுங்கள்.

செய்திக்குறிப்பில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் கோளாறு: முதல் பத்தியில் பதினோரு பிரமுகர்களின் பெயர், பொன்னாடை போர்த்தும் படம், அழைக்க வேண்டிய எண் எங்கேயுமே இல்லை. பெயர்களை அறவே விட முடியாது, உள்ளூர்ப் பக்கத்துக்கு அது வேண்டும். ஆனால் அவை கடைசிப் பத்திக்குப் போகட்டும். முதல் இரண்டு வாக்கியங்களில் 6 மணி நேரம், தொலைபேசி எண், வீட்டார் உடனே செய்ய வேண்டியவை ஆகிய மூன்றும் வர வேண்டும். மின்விசிறியை நிறுத்துவது, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைப்பது, தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்துவது. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயாளி ஆகியோரும் கொடுக்கலாம் என்ற வரி அடுத்தது, ஏனென்றால் பலர் தயங்குவது அங்கேதான்.

மொத்தம் 200 சொல் போதும். அதை லெட்டர்பேடில் அச்சடித்து, படம் பிடித்து அனுப்பாதீர்கள். பல ஊர்களைத் தனியாளாகப் பார்க்கும் பகுதிநேரச் செய்தியாளர் அதை மறுபடி தட்டச்சு செய்ய மாட்டார். யூனிகோடு தமிழில் வாட்ஸ்அப் செய்தியாகவே அனுப்புங்கள். படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது. மாவட்டப் பக்கம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று ஒவ்வொரு செய்தியாளரிடமும் கேட்டு, பெயருக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். ஊடகப் பட்டியல் என்றால் அதுதான்.

கண் கொடுத்தவரின் படத்தை வெளியிட வீட்டார் பெருமையோடு சம்மதிப்பதுண்டு. அப்போதும் எழுத்தில் வாங்குங்கள், அதுவும் காரியம் முடிந்த பிறகு. யாருக்குப் பொருத்தப்பட்டது என்ற விவரம் செய்தியில் வரவே கூடாது. இரு தரப்பையும் மேடையில் சந்திக்க வைக்கும் யோசனை எந்தக் குழுவிலாவது எழும். அதை வெட்டிவிடுங்கள்.

மதிப்பீட்டுப் பகுதியில் செய்தி வந்த இடத்தை சதுர சென்டிமீட்டரில் அளந்து விளம்பரக் கட்டணத்தால் பெருக்கிக் காட்டாதீர்கள். மக்கள் தொடர்பு வேலையை எப்படி அளப்பது என்று சொல்லும் 2010 பார்சிலோனா கோட்பாடுகளே அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அறக்கட்டளையின் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லுங்கள். அழைத்தவர் வீட்டாரா, ஃப்ரீசர் பாக்ஸ்காரரா, மருத்துவரா. எண் எப்படிக் கிடைத்தது. இறந்து எத்தனை மணி நேரம். கண் எடுக்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன். எண் எப்படிக் கிடைத்தது என்பதைத் துக்க வீட்டாரிடம் அந்த நேரத்தில் கேட்க வேண்டாம், சில வாரம் கழித்து நன்றி சொல்லப் பேசும்போது கேட்டுக்கொள்ளலாம். 3 மாதத்துக்கு ஒருமுறை அந்த நோட்டை வைத்து இரண்டாவது கட்டத்தைத் திருத்தி வரையுங்கள். அசைன்மென்டின் பின்னிணைப்பில் அந்த நோட்டின் ஒரு பக்க மாதிரியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சிறிய அறக்கட்டளைகளுக்குச் செய்தித் தொடர்பு வேலை பார்க்கும் சிலர்