இரவைப் பங்கிட்டுக்கொண்டவர்களுக்கு

கோத்தகிரி

அன்புள்ள உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் வணக்கம்.

இதயம் பலவீனமாகி, கால்களில் நீர் கோத்து மருத்துவமனையில் இருந்த எங்கள் அம்மா வீடு திரும்பி நான்கு மாதங்கள் ஆகின்றன. நேரில் நன்றி சொன்னால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரங்கள் இரவு முழுவதையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பகலில் பள்ளிக்கூடம், இரவில் அம்மாவின் கட்டிலருகே நாற்காலி. ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு, என்னை எழுப்ப மனமில்லாமல் அம்மா தானே கழிப்பறைக்குச் செல்ல எழுந்து சறுக்கி விழுந்தார். அவர் விழுந்தது எனக்குக் கேட்கவில்லை. எவர்சில்வர் சொம்பு உருண்ட பிறகுதான் விழித்தேன். மணிக்கட்டு வீக்கத்தோடு போனது எங்கள் நல்ல காலம்.

மறுநாளே தங்கை பெட்டியோடு வந்தாள். ஆளுக்கு ஒரு இரவு என்று மாற்றி மாற்றி விழித்துப் பார்த்தோம். விழித்தவர் மறுநாள் பகலில் படுத்தாலும் உறக்கம் வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறியபோது இருவருமே தூங்காதவர்கள் ஆனோம். தேயிலை ஃபேக்டரியில் பல ஆண்டுகள் இரவு ஷிப்ட் பார்த்த அத்தான்தான் இரவை இரண்டாகவே வெட்டச் சொன்னார்: ஒன்பது முதல் இரண்டு வரை ஒருவர், இரண்டு முதல் ஏழு வரை மற்றவர். ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி கண்ணயர்ந்த முதல் சில மணி நேரத்திலேயே வந்துவிடுவதால், துண்டு துண்டாகத் தூங்கும் ஆறு மணி நேரத்தைவிட, தொடர்ந்து தூங்கும் நான்கரை மணி நேரம் உடம்பைத் தாங்குகிறது என்பதை நாங்கள் அனுபவத்தில் கண்டோம். எட்டரை மணிக்கே கண் சொருகும் எனக்குப் பின்பாதியும், நள்ளிரவு வரை விழித்திருக்கும் தங்கைக்கு முன்பாதியும் அமைந்தன. உறங்குபவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். அழைப்பு மணி அடித்தால் மட்டுமே வர வேண்டும் என்பதும் அத்தான் போட்ட சட்டமே. வாரம் இரண்டு நாள் அவரே முன்பாதிக்கு வந்து தங்கைக்கு ஓய்வு கொடுத்தார்.

பெரியம்மா செய்தது, அப்போது எனக்குக் கோபமூட்டிய உதவி. முன்பாதிக்காரருக்கு நள்ளிரவில் வைத்திருந்த டீ பிளாஸ்க்கை எடுத்துவிட்டார். தேயிலை ஊரில் இது என்ன கொடுமை என்று முணுமுணுத்தோம். ஆனால் குடித்த டீயின் காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கக்கூடும் என்பதால், இரண்டு மணிக்குப் படுத்தும் தங்கை புரண்டுகொண்டிருந்ததற்குக் காரணம் அதுவே. பக்கத்து வீட்டு அக்கா, குளிருக்காக மூடிய அறையில் நாங்கள் வைத்திருந்த கரிச்சட்டியை வெளியே தூக்கி வைத்தார். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தலைவலியும் மயக்கமும் வந்தால், காவலிருப்பவர் அதைத் தூக்கக் கலக்கம் என்றே எண்ணிவிடுவார்.

வீட்டுக்கு வந்துபோன செவிலியருக்குத் தனியாக நன்றி. அம்மா இரவில் ஐந்து முறை சிறுநீர் கழிக்க எழுவதைக் கேட்டதும், மாலை ஆறு மணி நீர் மாத்திரையின் நேரத்தை மருத்துவரிடம் விசாரிக்கச் சொன்னார். அந்த மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரத்துக்கு மேலும் நீரை இறக்குமாம். மருத்துவர் அதைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றிய பிறகு, அம்மா எழுவது இரண்டு முறையாகக் குறைந்தது. கட்டிலருகே கழிப்பறை நாற்காலியும் வந்தது.

ஃபேக்டரியில் உள்ளதுபோல ஒரு நோட்டும் வைத்தோம். எழுந்த நேரம், கொடுத்த மாத்திரை, தலைக்கு எத்தனை தலையணை, காலை எடை என்று நான்கே விவரங்கள். கடந்த மாதம் ஒரு வாரத்தில், உடம்பில் நீர் சேர்ந்து, தாழப் படுத்தால் மூச்சு முட்டியதால், இரண்டு தலையணை மூன்றாகி, மூன்று நான்கானது; எடை மூன்று நாளில் இரண்டு கிலோ கூடியிருந்தது. ஒவ்வொரு இரவும் வேறு வேறு ஆள் பார்த்ததால் எவர் கண்ணுக்கும் படாத மாற்றம், பக்கங்களைப் புரட்டியபோது தெரிந்தது. அன்றே மருத்துவரை அழைத்தோம். மாத்திரையின் அளவு மாறியது, மருத்துவமனை வாசல் மிதிக்க நேரவில்லை. படுத்தவர் மூச்சுக்குத் திணறி எழுந்து உட்கார்ந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே அத்தான் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்த மாதப் பட்டியலைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். சனிக்கிழமைகளின் முன்பாதி இன்னும் காலியாக உள்ளது; சின்ன மாமா தமக்கு இரவில் தூக்கமே வருவதில்லை என்று அடிக்கடி சொல்வதை நான் மறக்கவில்லை.

நன்றியுடன்,
அம்மாவின் மூத்த மகள்