குழாய்க்கு, கல்லு எழுதுவது

அன்புள்ள குழாய்,

எட்டு மாதமாக ஒரு வரி போடாதவனுக்கு இன்றைக்கு என்ன திடீர்ப் பாசம் என்று நீ முனகுவாய். முனகிக்கொள். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, பேத்திக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, நீ கேட்ட புத்தகம் கிடைக்கவில்லை. ஊர்ச்செய்தி அவ்வளவுதான். எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

போன ஞாயிறு மத்தியானம் டிவியில் ‘பாசமலர்’ போட்டார்கள். நீ தங்கச்சி என்று கூப்பிடும் என் வீட்டுக்காரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள். கடைசியில் “கை வீசம்மா கை வீசு” வந்ததும் கீரை மடியிலேயே கிடந்தது. முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். “1961லேருந்து இவங்க ரெண்டு பேரும் செத்துக்கிட்டுத்தான் இருக்காங்க, இன்னிக்கு என்ன புதுசா?” என்றேன். சட்டென்று கண்ணீர் விடுகிற உன்னைக் குழாய் என்று முப்பது வருஷமாகக் கேலி செய்த அதே வாய்தானே.

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் காபி டம்ளரை வைத்துவிட்டு, “எங்க அண்ணன் போனன்னிக்கு நான் அழுதேனா?” என்று மட்டும் கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். அழவில்லை. நீயும்தான் வந்திருந்தாயே. ஐஸ் பெட்டிக்காரனோடு வாடகை பேசினாள், வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தாள், கோடிப் புடவையை எண்ணி வைத்தாள். நீயும் நானும் திண்ணையில் உட்கார்ந்து, “தைரியசாலிடா” என்று பேசிக்கொண்டோம். வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். சோகப் படத்தைக் காசு கொடுத்துப் பார்த்து அழுதுவிட்டு “நல்ல படம்” என்று எப்படிச் சொல்கிறோம்? கல்லூரியில் நமக்கு இதற்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தார்கள்: கதார்சிஸ். அதைப் பரீட்சையில் எழுதி நீ என்னைவிட இரண்டு மார்க் கூட வாங்கினாய். இப்போது போய்ப் பார்த்தால், அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலில் துன்பியல் நாடகத்துக்கு இலக்கணம் சொல்லும் ஒரே வாக்கியத்தில்தான் அந்த வார்த்தையை இந்தப் பொருளில் வைத்திருக்கிறார். இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவற்றின் கதார்சிஸை நாடகம் நிகழ்த்துகிறது என்கிறார். அது என்னவென்று அங்கே விளக்கவில்லை. ‘அரசியல்’ நூலில், கவிதையைப் பற்றிப் பேசும்போது தெளிவாகச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் அவர்! நம்மிடம் வந்து சேர்ந்த நூலில் அந்த இடம் இல்லை.

விளக்கம் இல்லாததால் ஆளுக்கொரு பொருள் சொல்லிவிட்டார்கள். 1857இல் யாகோப் பெர்னைஸ் என்ற ஜெர்மானியர் இது வைத்தியச் சொல், உடம்பிலிருந்து கழிவை வெளியேற்றுவது போல என்றார். நம் பாட்டி கொடுத்த விளக்கெண்ணெய் கணக்குத்தான். பெர்னைஸின் தம்பி மகளைத்தான் மனோவைத்தியர் பிராய்டு பிற்பாடு கட்டிக்கொண்டார். அடக்கி வைத்த உணர்ச்சியை வெளியே விட்டால் நோய் தீரும் என்று 1895இல் பிராய்டும் அவரோடு வேலை பார்த்த வைத்தியர் பிராயரும் புத்தகம் போட்டார்கள். “அழுதா பாரம் குறையும்” என்று நாம் சாவு வீட்டில் சொல்வதும் அதே விளக்கெண்ணெய்தான்.

குறைகிறதா என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அறுபது பேருக்குச் சோகப் படம் காட்டினார்கள். 28 பேர் அழுதார்கள். படம் முடிந்ததும் கேட்டால் அழாதவர்கள் எப்போதும்போல இருந்தார்கள், அழுதவர்களின் மனநிலை இறங்கிப்போயிருந்தது. இருபது நிமிஷத்தில் பழைய நிலைக்கு வந்தார்கள். தொண்ணூறு நிமிஷம் கழித்துத்தான் படம் பார்ப்பதற்கு முன் இருந்ததைவிடத் தேவலாம் என்றார்கள். ஆக, அழுகிற நேரத்தில் பாரம் குறையாது, கூடும். பிறகு ஏறி வருகிற சுகத்தைத்தான் அழுகையின் சுகம் என்று நினைவு வைத்துக்கொள்கிறோம் போலிருக்கிறது. என் வீட்டில் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கலாம், ஐந்தாவது நிமிஷத்திலேயே வாயைத் திறந்து கெடுத்துவிட்டேன்.

சரி, எந்த இடத்தில் கண்ணீர் வருகிறது என்று கவனித்திருக்கிறாயா? ‘பாசமலர்’ படத்தில் அண்ணனும் தங்கையும் பிரிகிறபோது நமக்கு ஆத்திரம்தான் வருகிறது. மூட்டி விடுகிற அந்த அத்தையைத் திட்டுகிறோம். இவன் மனசில் என்ன இருக்கிறது, அவள் மனசில் என்ன இருக்கிறது என்று நமக்கு முழுசாகத் தெரியும். அவர்களுக்குத்தான் சொல்லிக்கொள்ள வழியில்லை. அந்த இறுக்கம் ரீல் ரீலாக ஏறுகிறது. கடைசியில் இருவரும் சேர்கிறார்கள், நமக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிகிறது, ஆனால் நேரம் கடந்துவிட்டது. அப்போதுதான் உடைகிறோம். மொரெட்டி என்ற இத்தாலிய விமர்சகர் இதைத்தான் சொல்கிறார்: இரண்டு பார்வைகள் ஒன்றாகிற கணத்தில், அது இனி எதற்கும் உதவாது என்கிறபோது அழுகிறோம். பத்து நிமிஷம் முன்னால் சேர்ந்திருந்தால் ‘அப்பாடா’ என்று எழுந்து போயிருப்போம்.

ஆனால் அரிஸ்டாட்டிலிடம் இந்தப் படத்தைக் காட்டினால் பாதி மார்க்தான் போடுவார். இரக்கம் இருக்கிறது, அச்சம் எங்கே என்பார். தெரியாமலே தகப்பனைக் கொன்று தாயைக் கட்டிக்கொண்ட ஈடிபஸ் கதையில், கேட்டைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டவன் அவனேதான். திட்டுவதற்கு அத்தை யாரும் இல்லை. நாமும் இப்படித் தெரியாமல் செய்துவிடுவோமோ என்று வயிற்றைப் பிசையும். ‘பாசமலர்’ மாதிரி உருக்கிப் பிழிகிற மெலோடிராமாவில் பழியைப் போட ஒரு ஆள் தயாராக நிற்கிறார், அதனால் உறுத்தலில்லாமல் அழ முடிகிறது. இதை மட்டமாகச் சொல்லவில்லை. போன மாதமாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

என்னை உட்கார வைத்தது வேறொரு கதை. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். பாரசீக அரசன் கம்பைசிஸ் எகிப்தைப் பிடித்த பிறகு, தோற்ற அரசன் சம்மெனிட்டஸை ஊர் எல்லையில் உட்கார வைத்து வேடிக்கை காட்டுகிறான். மகள் அடிமை உடையில் குடமெடுத்துத் தண்ணீருக்குப் போகிறாள். அவன் தலை குனிந்துகொள்கிறான். மகனைக் கழுத்தில் கயிறு கட்டிக் கொலைக்களத்துக்கு இழுத்துப் போகிறார்கள், அப்போதும் அழவில்லை. பிறகு, ஒரு காலத்தில் கூடவே உட்கார்ந்து விருந்துண்ட கிழ நண்பன் ஒருவன் சிப்பாய்களிடம் பிச்சை கேட்டுக்கொண்டு வருகிறான். அவனைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு கதறுகிறான். ஏன் என்று கேட்டதற்கு, என் வீட்டுத் துயரம் அழுகைக்குள் அடங்காதது, நண்பனுடையதற்கு அழ முடிகிறது என்றானாம்.

நீ பாடம் நடத்திய தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடம் நான்கு, இளிவு, இழவு, அசைவு, வறுமை. அங்கே பேராசிரியர் என்ற பழைய உரைகாரர் தம் உரையில் அழுகையை இரண்டாகப் பிரிப்பார் இல்லையா, தானே அவலித்தல், பிறர் அவலம் கண்டு அவலித்தல் என்று? அந்த ராஜா இரண்டாவது வாசல் வழியாகத்தான் முதலாவதுக்குள் போக முடிந்தது என்று எனக்குப் படுகிறது. இவளும் அப்படித்தான். அண்ணனுக்கு ஐஸ் பெட்டி பேசினவள், சிவாஜிக்காக அழுகிற சாக்கில் பதினொரு மாதம் கழித்து அண்ணனுக்கு அழுதிருக்கிறாள். நான் பிரித்துச் சொன்னது சரியா என்று உரையைப் பார்த்து எழுது. தப்பென்றால் திட்டு, ஆனால் சீக்கிரம் எழுது.

அடுத்த ஞாயிறும் ஏதோ அழுகைப் படம் இருக்கிறதாம். தனியாகத்தான் பார்ப்பேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கீரையை என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறாள். அடுப்படியில் உட்கார்ந்து ஆய வேண்டும், முருங்கைக்கீரை ஆய்வது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியாது.

கல்லு