கட்டியான எபாக்ஸியை உருக்கித் தர முடியுமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மே மாதம் நம் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு கடைக்கு வந்தார். டேபிளுக்கு ஊற்றுவதற்காக ஒரு கிலோ ரெசினும் அரைக் கிலோ ஹார்டனரும் ஒரே வாளியில் கலந்திருக்கிறார். மரத்தை ஒரு தடவை துடைத்துவிட்டு வருவதற்குள் வாளியில் புகை கிளம்பி, மொத்தமும் பாறையாகிவிட்டது. "சுடுதண்ணீரில் வைத்து உருக்கித் தர முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லும்போது எங்களுக்கே கஷ்டமாக இருந்தது. ஏன் முடியாது என்று அன்று நின்று நிதானமாகச் சொல்ல நேரமில்லை. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறோம்.

குளூ கன்னில் போடும் குச்சி, பி.வி.சி. பைப், தெர்மக்கோல் எல்லாம் தெர்மோபிளாஸ்டிக் வகை. உள்ளே நீள நீளமான மூலக்கூறுகள் இடியாப்பம் போலச் சிக்கிக் கிடக்கும். ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டிருக்காது. சூடு பட்டதும் இழைகள் நழுவ ஆரம்பிக்கும், பொருள் இளகும். ஆறினால் இறுகும். திரும்பச் சூடாக்கினால் திரும்ப இளகும்.

எபாக்ஸி அப்படியல்ல. ரெசின் மூலக்கூறுக்குப் பெரும்பாலும் 2 முனைகள். அமீன் ஹார்டனரின் எளிய மூலக்கூறு ஒன்று 4 முனைகளைப் பிடித்துக்கொள்ளும். கலந்த நிமிடத்திலிருந்து அவை வலை பின்ன ஆரம்பிக்கின்றன. ஒவ்வொரு முடிச்சும் உண்மையான வேதிப் பிணைப்பு. ஒவ்வொரு பிணைப்பும் கொஞ்சம் சூட்டை வெளிவிடும்.

பின்னல் ஒரு கட்டத்தைத் தாண்டும்போது, கோப்பையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே மூலக்கூறாகத் தொடர்ந்துவிடும். அதுதான் ஜெல் நிலை. மேலே சொன்ன 2, 4 முனைக் கணக்குக்கு, நூற்றுக்குச் சுமார் 58 இணைப்புகள் முடிந்தாலே அது வந்துவிடும். மிச்சம் 42 அப்புறம்தான் மெல்ல நடக்கும். அதனால் ஜெல்லான உடனே நகம் பதியும் அளவுக்கு மென்மையாக இருக்கும். ஆனாலும் அது இனி ஓடாது. ஒரு ஐஸ் குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். முன்பு தேன் மாதிரி வடிந்த கலவை, இப்போது ரப்பர் இழையாக நீண்டு, அறுந்து, சுருண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டால் ஊற்றுவதையும் கிளறுவதையும் நிறுத்திவிடுங்கள். அதன்பின் ஹீட் கன் காட்டினாலும் உள்ளே மாட்டிய காற்றுக்குமிழி மேலே வராது.

சரி, முழுக்க இறுகியதைச் சூடாக்கினால்? நம் அறைச் சூட்டில் இறுகிய எபாக்ஸி 60 டிகிரி வாக்கில் தோல் மாதிரி வளையலாம். கொதிக்கும் காபி டம்ளரை வைத்தால் டேபிளில் வட்டம் விழுவது இதனால்தான். இளகுவதைப் பார்த்து உருகப்போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். முடிச்சுகள் அப்படியேதான் இருக்கின்றன. சூட்டை இன்னும் ஏற்றினால், சுமார் 300 டிகிரியை நெருங்கும்போதும் அதற்கு மேலும் பிணைப்புகளே அறுந்து கருகும், புகையும் கெட்டது. அசிட்டோனும் உதவாது. தெர்மக்கோல் துண்டு அதில் உருத்தெரியாமல் கரைந்து சுருங்கும். இறுகிய எபாக்ஸி ஊறி உப்பும், உதிர்ந்தும் போகலாம், ஆனால் திரும்ப ரெசினாகாது. கலக்கிய குச்சியை அசிட்டோனால் துடைப்பதென்றால் ஜெல்லாகும் முன்பே துடைத்துவிடுங்கள்.

இப்போது அந்த வாளிக்கு வருவோம். டப்பாவில் 30 நிமிடம் என்று போட்டிருந்தது 100 கிராம் கலவையை 25 டிகிரியில் வைத்துப் பார்த்த அளவு. அவர் கலந்தது 1500 கிராம், வெயில் காலத்து ஷெட்டில். வாளிக்குள் பிறந்த சூடு வெளியேற வழியில்லை. சூடு கூடக் கூடப் பின்னல் வேகமாகும், வேகமானால் இன்னும் சூடு. அதே கலவையைப் பலகையில் மெல்லப் பரப்பியிருந்தால் சூடு காற்றில் போய், ஜெல்லாக இன்னும் அதிக நேரம் எடுத்திருக்கும். அதனால் மரத்தை முழுசாகத் தயார் செய்துவிட்டு, 300 கிராம் போலக் கலந்து, உடனே ஊற்றிவிடுங்கள். வாளி சுடத் தொடங்கிவிட்டால் ஆள் நடமாட்டமில்லாத வெளியிடத்துக்குக் கொண்டுபோய் வையுங்கள், புகையைச் சுவாசிக்காதீர்கள்.

இன்னொன்று. பாலியெஸ்டர் ரெசினில் வேலை செய்து பழகியவர்கள், சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட ஊற்றுகிறார்கள். அங்கே சில சொட்டு விடுவது தூண்டிவிட மட்டும். இங்கே ஹார்டனர் வலையின் பாதி நூல். கூடினால் பிடிக்க ஆளில்லாத கைகள் தொங்கி நிற்கும், டேபிள் பிசுபிசுக்கும். எத்தனை நாள் காயவைத்தாலும் சரியாகாது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றத்தான் வேண்டும். எடை மெஷினில் 100-க்கு 50 என்று நிறுத்தே கலக்கவும்.

இந்த மாதம் வரும் டப்பாக்களில், 100 கிராமுக்கு மட்டுமில்லாமல் 500 கிராமை 35 டிகிரியில் கலந்தால் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதையும் நாங்களே சோதித்து ஒட்டி அனுப்புகிறோம். பழைய டப்பா வைத்திருப்பவர்கள் கேட்டால் அந்த லேபிளைத் தனியாகத் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ரெசின் கடை