ஜெயந்திக்கு, கைநாட்டும் கையெழுத்தும் பற்றி

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள ஜெயந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குப் போன வாரம் இடது கண்ணில் புரை எடுத்தார்கள், அதனால்தான் தாமதம். காது கேளாதவளுக்குக் கண்தானே எல்லாம், ஒரு கண்ணில் கட்டு இருந்ததால் அந்தப் பக்கம் உட்கார்ந்து யார் கை அசைத்தாலும் அவளுக்குத் தெரியவில்லை. "என்னிடம் யாருமே பேசுவதில்லை" என்று இரண்டு நாள் கோபம். கட்டு பிரித்த அன்று எங்கள் வீட்டில் நடந்த பேச்சுக்கு அளவே இல்லை!

காது கேளாத உன் கட்சிக்காரர் சாட்சி சொல்லப்போகும் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சைகையை மொழிபெயர்க்க எதிர்த்தரப்பு ஒரு காது கேளாதோர் பள்ளி ஆசிரியரை அழைத்து வருகிறார்கள், அவரிடம் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்கிறது, ஆட்சேபிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். எண் இருப்பதோடு விட்டுவிடாதே. அந்தக் குழுமத்தின் மத்தியப் பதிவேட்டில் செயற்கை அவயவம் செய்கிறவர், பேச்சுப் பயிற்சி தருகிறவர், சிறப்பு ஆசிரியர் என்று பல துறையினர் இருக்கிறார்கள். சான்றிதழை வாங்கி, எந்தப் படிப்பை வைத்துப் பதிவு செய்திருக்கிறார் என்ற வரியைப் படி. இந்திய சைகை மொழிபெயர்ப்பில் இரண்டு ஆண்டு பட்டயம் என்று இருந்தால் அவர் என் தொழில்காரர். சிறப்புக் கல்வியில் பட்டயமோ பி.எட்.டோ என்றால் பாடம் நடத்தத் தகுதி பெற்றவர். அந்த ஆசிரியர்களில் பலர் உதட்டசைவைப் பார்த்துப் பேசவைக்கும் முறையில் பயிற்சி பெற்றவர்கள். வகுப்பில் பிள்ளைகளோடு சமாளிக்கிற அளவு சைகை வரும். குறுக்கு விசாரணையின் வேகத்துக்கு அது போதாது. எங்களுக்குப் பட்டயம் வருவதற்கு முன்னால் ஏ, பி, சி என்று படிநிலைச் சான்றிதழ்கள் இருந்தன. பழைய ஆட்கள் அதைக் காட்டுவார்கள். ஏ நிலை என்பது மொழியின் தொடக்கப் பாடம், அதைக் காட்டிக் கூண்டருகே நிற்க வந்தால் தாராளமாக ஆட்சேபி. பதிவு நடப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடு, புதுப்பிக்காமலே பல வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சட்டம் 'மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர்' என்றே சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவில் 2013இல் சேர்த்தது, இப்போது பாரதிய சாட்சிய அதிநியத்தில் 125ஆம் பிரிவாக வந்திருக்கிறது. ஆகவே ஆசிரியர் வரக்கூடாது என்று நீ வாதாடினால் நிற்காது. இந்தச் சாட்சியின் சைகை இவருக்குப் புரியவில்லை என்று காட்டினால்தான் நிற்கும். அதற்கு விசாரணைக்கு முன் பத்து நிமிடம் இருவரையும் ஜட்ஜ் முன்னால் பேசவிடச் சொல்லிக் கேள். வழக்கைப் பற்றி ஒரு சொல் கூடாது. காலையில் எத்தனை மணிக்கு, எந்தப் பஸ்ஸில், யாரோடு வந்தார், வழியில் என்ன சாப்பிட்டார், இவ்வளவு போதும். மொழிபெயர்ப்பாளர் சொல்வதும் நடந்ததும் ஒன்றா என்று யாருக்கும் விளங்கிவிடும். அடிக்கடி 'மறுபடி காட்டுங்கள்' என்று கேட்கிறவரைப் பார்த்து நீ பயப்படாதே. ஒருமுறைகூடக் கேட்காமல் கடகடவென்று சொல்கிறவர் இருக்கிறாரே, அவரைத்தான் கவனிக்க வேண்டும்.

இனி நான் போன வருடம் போன ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு காது கேளாத அம்மா. பள்ளிக்கூடம் போனதில்லை. ஒன்றரை ஏக்கர் புஞ்சையை உறவுக்காரர் ஒருவர் கிரயம் எழுதி வாங்கிவிட்டார். உதவித்தொகை மனுவுக்கு என்று சொல்லி அழைத்துப் போனார்கள் என்பது இந்த அம்மாவின் கட்சி. முதல் வாய்தாவில் மொழிபெயர்த்தவர் அந்தக் குடும்பத்துப் பையனே. வீட்டில் வளர்ந்தவன், அவனுக்குத்தான் இவர் சைகை புரியும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். "பத்திரத்தில் கையெழுத்துப் போட்டீர்களா?" என்ற கேள்விக்கு அந்த அம்மா இல்லை என்றார். பத்திரத்தில் அவர் கைரேகை இருக்கிறது, ஆகவே பொய் சொல்கிறார் என்று பதிவாகிவிட்டது.

இரண்டாவது வாய்தாவுக்கு என்னை அழைத்தார்கள். அதே கேள்வி மறுபடி வந்தது. எனக்கு உடனே கை எழவில்லை. தமிழில் 'கையெழுத்து' என்று ஒரு சொல்லில் போய்விடலாம். கையால் கேட்கும்போது உள்ளங்கையில் பேனாவை ஓட்டிக் காட்ட வேண்டும், அல்லது கட்டைவிரலை அழுத்திக் காட்ட வேண்டும். பேனாவைக் காட்டினால் அவர் இல்லை என்பார், அது உண்மை. பேனா பிடிக்கவே தெரியாதவர். கட்டைவிரலைக் காட்டினால் பதிலை நானே எடுத்துக் கொடுத்த மாதிரி. நான் ஜட்ஜைப் பார்த்து, "மொழிபெயர்ப்பாளர் தன் சார்பில் ஒன்று சொல்ல அனுமதி கேட்கிறார்" என்று சொல்லி, சிக்கலை விளக்கினேன். ஜட்ஜ் யோசித்துவிட்டு, அந்தக் காகிதத்தைக் காட்டி அதில் என்ன செய்தார் என்று கேட்கச் சொன்னார். அந்த அம்மா கட்டைவிரலை மையில் தொட்டு, மூன்று இடத்தில் அழுத்தி, விரலைத் தலையில் துடைத்துக் காட்டினார். பிறகு, கேட்காமலே, பணத்தாளை எண்ணி மாதத்துக்கு ஒருமுறை வாங்குவதைக் காட்டினார். உதவித்தொகை! முதல் வாய்தாவில் பையன் இதையெல்லாம் 'இல்லை' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டான். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அவன் அப்பாதான் பிரதிவாதிக்குச் சாட்சி, அதை யாரும் கேட்கவே இல்லை.

அன்று இன்னொன்றும் நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் நீளமாக ஏதோ கேட்டார். நான் சைகை செய்துகொண்டிருக்கும்போதே அந்த அம்மா தலையை ஆட்டினார். "சாட்சி ஆமாம் என்கிறார், பதிவு செய்யுங்கள்" என்று வக்கீல் எழுந்துவிட்டார். கேள்வியே முடியவில்லை. காது கேளாதவர்கள் தலையாட்டுவது நாம் போனில் 'ம்... ம்...' கொட்டுவது மாதிரி, சொல்லு, கவனிக்கிறேன் என்று அர்த்தம். 'நீங்கள் போகவில்லை, அப்படித்தானே?' மாதிரிக் கேள்விகள் இன்னும் மோசம். தலையாட்டினால் போகவில்லை என்றா, போனேன் என்றா? உன் வாயிலிருந்து அப்படிப்பட்ட கேள்வி வரவே கூடாது, எதிராளி கேட்டால் பிரித்துக் கேட்கச் சொல்லு.

எனக்கும் அங்கே முழுத் தெளிவு இருந்தது என்று நினைக்காதே. அந்த அம்மாவின் சைகையில் பாதி அவர் தெருவில் மட்டும் புழங்குவது. எங்கள் பட்டயப் படிப்பில் இல்லாதது. அந்த மாதிரி நேரத்தில் காது கேளாத ஒருவரையே என்னோடு நிறுத்தினால் நல்லது. அவர் சாட்சியோடு பேசி எனக்குச் சைகை மொழியில் தருவார், நான் தமிழில் சொல்வேன். நேரம் இரட்டிப்பாகும், நீதிமன்றத்துக்குப் பிடிக்காது. கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நீ கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு ராஜஸ்தான் அரசு எதிர் தர்ஷன் சிங், உச்ச நீதிமன்றம், 2012. கொலை வழக்கு. இறந்தவரின் காது கேளாத மனைவி சாட்சி, மொழிபெயர்த்தது அவர் அப்பா. அவருக்கும் பிரமாணம் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. விடுதலை உறுதியானது. மொழிபெயர்ப்பாளர் வழக்கில் அக்கறை இல்லாதவராக இருக்க வேண்டும், பிரமாணம் எடுக்க வேண்டும், சைகைகளே பதிவில் இருக்க வேண்டும், விளக்கம் மட்டும் போதாது என்று அதில் இருக்கிறது. 'அதே சுற்றுப்புறத்தைச் சேர்ந்தவர்' என்றும் இருக்கிறது, எதிர்த்தரப்பு அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்ளும். அந்த வார்த்தைக்கு அந்த ஊர்ச் சைகை தெரிந்தவர் என்று பொருள் சொல்லு, உறவுக்காரர் என்று விட்டுவிடாதே. எழுதத் தெரிந்த சாட்சிக்குச் சைகையைவிட எழுத்தே மேல் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் அம்மா எட்டாவது வரை படித்தவள், தமிழ் அவளுக்கு இரண்டாம் மொழி. 'நேற்று கடை நான் போய் அரிசி' என்றுதான் எழுதுவாள். அதை வைத்து யாராவது அவளைக் குறுக்கு விசாரணை செய்தால் அவ்வளவுதான்.

சைகைகள் பதிவாக வேண்டும் என்பதற்காகத்தான் இப்போது வீடியோ கட்டாயம். பல இடத்தில் கேமரா சாட்சியை மட்டும் பார்க்கிறது. அப்படியானால் நான் கையால் என்ன கேட்டேன் என்பதற்குப் பதிவு இல்லை, மேல்முறையீட்டில் அது பாதி வீடியோதான். சாட்சியும் நானும் இடுப்பிலிருந்து மேலே முழுதாகச் சட்டகத்துக்குள் வரட்டும். என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம், என் கை வெறும் நிழலாகத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம் உன் அலுவலகத்துக்கானது. ஆலோசனைக்கு உன்னோடு உட்காரும் மொழிபெயர்ப்பாளர் வேறு, கூண்டருகே நிற்பவர் வேறாக இருக்கட்டும். கட்சிக்காரர் உன்னிடம் சொல்வதை வெளியே சொல்லக்கூடாது என்று உனக்கு இருக்கிற கட்டுப்பாடு உன் மொழிபெயர்ப்பாளருக்கும் உண்டு, பழைய சாட்சியச் சட்டத்தில் 127ஆம் பிரிவு, இப்போது புதியதில் 132க்குள் போய்விட்டது. உன் அறையில் எல்லாம் கேட்டவர் கோர்ட்டில் நடுநிலையாகத் தெரிய மாட்டார். காது கேளாதவர்கள் எங்களிடம் முதலில் எதிர்பார்ப்பதும் இந்த ரகசியத்தைத்தான். எங்கள் உலகம் சின்னது. இந்த ஊர்ச் சங்கக் கூட்டத்தில் பேசினது ராத்திரிக்குள் திண்டுக்கல் போய்விடும். இவர் வேண்டாம் என்று உன் கட்சிக்காரர் முகம் சுளித்தால் காரணம் கேட்டுத் தொந்தரவு செய்யாதே, ஆளை மாற்று.

நான் வருகிறேன், ஆனால் கோர்ட்டுக்கு மட்டும். அதனால் அதற்கு முன் உன் கட்சிக்காரரைச் சந்தித்து வழக்கு பேச மாட்டேன், நீயும் எனக்குக் கதை சொல்லாதே. வழக்கில் வரும் ஆட்கள், ஊர்கள், சர்வே எண்கள், பத்திரத் தேதிகள் இவற்றின் பட்டியல் மட்டும் அனுப்பு. அதோடு ஒவ்வொருவரையும் அவர் எப்படிச் சைகையில் குறிப்பிடுகிறார் என்று அவரையே போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு. மீசைக்காரர், காலில் மச்சம் உள்ளவர் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார். எதிராளிக்கும் ஒரு நகல் கொடுத்துவிடு, பின்னால் பேச்சு வராது.

வாய்தா தேதி உறுதியானதும் எழுது. அம்மா உன் சைகைப் பெயரை இன்னும் மறக்கவில்லை, இரட்டைப் பின்னலைத்தான் காட்டுகிறாள். நீ முடி வெட்டிக்கொண்டதை நான் சொல்லவில்லை.

அன்புடன்,
மலர்