பத்தாயிரத்துக்குப் பத்தாயிரத்து நானூறு

மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். காரைக்குடியில் உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவன் நான். என் தாத்தா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஐந்தொகையில் காலணா இடித்தாலும் ராத்திரி சாப்பிட மாட்டாராம். அந்தப் பிடிவாதம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஒரு நானூறு ரூபாய்க்காக உங்களுக்கு மடல் எழுதுகிறேன்.

தேவகோட்டையில் ஒரு டீச்சரம்மா. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். 2025-26இல் அவருக்குப் பென்ஷன் 9,60,000 ரூபாய் வந்தது. ஓய்வுப் பணத்தை வங்கியில் போட்டு வைத்ததில் வட்டி 3,25,000. மொத்தம் 12,85,000. புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000 போனால் வரிக்குரிய வருமானம் 12,10,000. இந்த நிலைக்கழிவு எப்படியும் அவர் கையில் இருக்கிற பணம் என்பதால், இனி அதைக் கணக்கில் சேர்க்காமலே பேசுகிறேன்.

12 லட்சம் வரை வரி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். உண்மையில் வரி உண்டு. 4 லட்சத்துக்கு மேல் 8 லட்சம் வரை ஐந்து சதவீதம், அதற்கு மேல் 12 லட்சம் வரை பத்து சதவீதம் என்று போட்டால் 60,000 வருகிறது. வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு அதே 60,000 ரூபாயைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. 12 லட்சத்தை ஒரு பத்து ரூபாய் தாண்டினால்கூட அந்தத் தள்ளுபடி முழுதாகப் போய்விடும். டீச்சரம்மாவின் 12,10,000 ரூபாய்க்கு அப்படிப் பார்த்தால் வரி 61,500. பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு அறுபத்தோராயிரத்து ஐந்நூறு! இந்தப் பள்ளத்தில் யாரும் விழுந்துவிடக் கூடாது என்றுதான் மார்ஜினல் ரிலீஃப் வந்தது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு வருமானமோ, வரி அதைத் தாண்டக் கூடாது. ஆகவே அவருக்கு 51,500 ரூபாய் ரிலீஃப் கிடைத்து, வரி 10,000 ரூபாயில் நிற்கிறது. இதற்காக அவர் எதுவும் கேட்க வேண்டியதில்லை, ரிட்டர்ன் போடும்போதே தானாகக் கழிந்துவிடுகிறது. நல்ல ஏற்பாடு, அதில் எனக்குக் குறையில்லை.

அடுத்த படியில்தான் இடிக்கிறது. ரிலீஃப் போக மிஞ்சிய வரியின் மேல் சுகாதாரம், கல்விக்கான செஸ் நான்கு சதவீதம் ஏறுகிறது. 10,000 ரூபாய்க்கு 400. கட்ட வேண்டியது 10,400.

திரையைக் காட்டினேன். "ஏன் தம்பி, பத்தாயிரம் கூட வந்ததுக்குப் பத்தாயிரத்து நானூறு கட்டணுமா? அந்த வட்டியை வாங்காமலே இருந்திருந்தா லாபம்தானே?" என்றார். ஆமாம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. சரியாக 12 லட்சம் வாங்கியிருந்தால் கையில் 12 லட்சம். 12,10,000 வாங்கியதால் கையில் 11,99,600.

இது நான் போட்ட கணக்கின் பிழையோ மென்பொருளின் பிழையோ இல்லை. 87ஏ பிரிவின் உச்சவரம்பு வருமான வரிக்கு மட்டும். செஸ்ஸை நிதிச் சட்டம் தனியாக விதிக்கிறது, அதுவும் தள்ளுபடியும் ரிலீஃபும் கழிந்த வரியின் மேல். இரண்டும் தனித்தனியே சரி. சேர்த்து வைத்தால்தான் நூற்றுக்கு நூற்று நான்கு ஆகிறது. யாரும் தம் கணக்கிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம். வரிக்குரிய வருமானத்தில் 12 லட்சத்தைக் கழியுங்கள். தள்ளுபடிக்குப் பின் உள்ள வரி அதே தொகையாக இருந்தால் ரிலீஃப் வேலை செய்திருக்கிறது. அதன் கீழே உள்ள செஸ் தொகைதான் உங்கள் நஷ்டம்.

நானூறு ரூபாய்க்கா இவ்வளவு என்று நீங்கள் நினைக்கலாம். அது வருமானத்தோடு கூடிக்கொண்டே போகிறது. 12,70,000 ரூபாய் உள்ளவருக்கு ரிலீஃபுக்கு முன் வரி 70,500, ரிலீஃப் வெறும் 500. வரி 70,000, செஸ் 2,800. கையில் 11,97,200. எழுபதாயிரம் கூடுதலாகச் சம்பாதித்துவிட்டு 2,800 ரூபாய் இழந்து நிற்கிறார். ஏறத்தாழ 12,70,590 ரூபாயில் ரிலீஃப் தீர்ந்துபோகிறது. ஆனால் நஷ்டம் அங்கே தீர்வதில்லை. பழைய 12 லட்சம் திரும்பக் கைக்கு வருவது ஏறத்தாழ 12,73,930 ரூபாயில்தான். 12,75,000 வாங்குபவருக்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 74,100 போக மிச்சம் 12,00,900. முக்கால் லட்சம் கூடுதல் வருமானத்துக்குத் தொள்ளாயிரம்!

2023இல் 7 லட்ச வரம்புக்கு இந்த ரிலீஃப் வந்தபோது தள்ளுபடி 25,000தான். அப்போது ரிலீஃப் 7,27,777 ரூபாய் வரை ஓடியது, செஸ்ஸால் வந்த அதிகபட்ச இழப்பு 1,111 ரூபாய். தள்ளுபடி 60,000 ஆனதும் அது 2,823 ஆகிவிட்டது. வரம்பை இன்னும் உயர்த்தினால் இதுவும் உயரும். 50 லட்சத்தைத் தாண்டும்போது வரும் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிக்கும் ஒரு மார்ஜினல் ரிலீஃப் உண்டு. அங்கேயும் செஸ் கடைசியில்தான் ஏறுகிறது, அதே நான்கு சதவீத ஓட்டை. அந்த வருமானக்காரர்கள் என்னிடம் வருவதில்லை, ஆகவே அதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு இங்கே பூர்வீக வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இந்தப் பக்கம் நிறைய. வரிச் சட்டப்படி அவர்கள் இந்நாட்டுவாசி இல்லை என்றால் 87ஏ தள்ளுபடியே கிடையாது, ஆகவே ரிலீஃபும் கிடையாது. இந்து கூட்டுக் குடும்பத்தின் பேரில் உள்ள வருமானத்துக்கும் அதே கதை, ஏனெனில் தள்ளுபடி தனிநபருக்கு மட்டும். பங்காளிகள் இதைக் கேட்டு என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அது வேறு வழக்கு, இந்த மடலில் அதை இழுக்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். உச்சவரம்பை வரிக்கு மட்டும் வைக்காமல், வரியும் செஸ்ஸும் சேர்ந்த தொகைக்கு வையுங்கள். டீச்சரம்மாவின் பத்தாயிரத்தை 1.04 ஆல் வகுத்தால் 9,615. அதுதான் வரி. செஸ் 385. மொத்தம் 10,000. ரிலீஃப் 12,73,930 வாக்கில் முடியும், அங்கிருந்து வழக்கமான கணக்கு தொடரும், நடுவில் பள்ளமே இருக்காது. அப்படிச் செய்தாலும் இந்த இடைவெளியில் உள்ளவருக்குக் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரிக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். இதைத் தீர்க்க வேண்டுமானால் தள்ளுபடியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதற்கு அரசுக்குச் செலவு அதிகம். அதை நான் கேட்கவில்லை. கூட வந்ததைவிட அதிகமாகக் கட்டச் சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவே.

செஸ்ஸை நிதிச் சட்டம்தான் விதிக்கிறது, அதை நாடாளுமன்றம்தான் மாற்ற முடியும் என்பீர்கள். சரி. அந்த மசோதா ஆண்டுதோறும் வருவதுதானே. அடுத்த மசோதாவில் மார்ஜினல் ரிலீஃப் வாசகத்தை எழுதும்போது, "வருமான வரி" என்ற இடத்தில் "அதன் மேலான செஸ்ஸும் சேர்த்து" என்று ஓர் ஒட்டுச் சொல் போடச் சொல்லி நிதியமைச்சகத்துக்குக் குறிப்பு அனுப்புங்கள்.

டீச்சரம்மா 10,400 ரூபாயையும் கட்டிவிட்டார். ரசீதை அச்செடுத்து வாங்கிக்கொண்டு, அந்த நானூறைப் பேனாவால் வட்டம் போட்டு எடுத்துப் போனார்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு கணக்கெழுதி