மாதுளையின் மினுக்கு: வியட்நாமிய இரட்டைச் சொற்களைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய மொழிபெயர்ப்புப் பக்கங்களை மூலத்தோடு வைத்து இருமுறை படித்தேன். கதையோட்டத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. வியட்நாமியர் 'து லாய்' என்று அழைக்கும் இரட்டைச் சொற்கள் வரும் இரண்டு இடங்களில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

முதலாவது, அந்த மாலை வானம். மூலத்தில் 'டோ டோ' என்று இருப்பதை நீங்கள் 'செக்கச்செவேல்' என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்க் காதுக்கு அது இயல்பாகத்தான் படும், ஏனென்றால் நம் மொழியில் நிறச்சொல்லை இரட்டித்தால் நிறம் ஏறுகிறது. வியட்நாமியத்தில் பெரும்பாலும் நிறம் இறங்குகிறது. 'டோ' என்று வளைந்த தொனியில் சொன்னால் சிவப்பு. அதற்கு முன்னால் அதே அசையைத் தொனி நீக்கி, மட்டமாக, லேசாகச் சொல்லிச் சேர்த்தால் 'சிவப்பு மாதிரி' என்றாகிவிடும். அழகைக் குறிக்கும் 'டெப்' இப்படி இரட்டிக்கும்போது 'டெம் டெப்' ஆகி, 'பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது' என்ற அளவுக்குத் தணிகிறது. முன் அசையின் வல்லெழுத்து மெல்லெழுத்தாக இளகியிருப்பதைக் கவனியுங்கள். அந்த இளக்கத்தில்தான் பொருளின் தணிவும் இருக்கிறது. மூன்று அசையாக நீளும் சொற்களில் சில இதற்கு மாறாக மிகுதியைக் காட்டும் என்பதால், எத்தனை அசை என்று முதலில் எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

ஆங்கிலத்தில் இந்தத் தணிவுக்கு 'ரெடிஷ்' என்று விகுதியோடு ஒரு சொல் இருக்கிறது. தமிழில் 'இளஞ்சிவப்பு' என்று எழுதினால் வேறொரு நிறம் வந்து நிற்கும். ஆகவே 'சிவந்தும் சிவக்காமலும் இருந்த வானம்' என்று எழுதலாம் என்பது என் கருத்து. அதில் இரட்டிப்பும் இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது.

இரண்டாவது இடம் எனக்கு இன்னும் நெருக்கமானது. கதையில் வரும் பாட்டி, வியட்நாமியக் கவிஞர் நுயென் சூவின் கியூ காவியத்திலிருந்து கோடை பிறப்பதைச் சொல்லும் ஈரடியை நினைவுகூர்கிறாள். நிலவடியில் குயில் கோடையை அழைக்கிறது, மதில் தலைப்பில் மாதுளையின் நெருப்பு 'லப் லுவே' எனப் பூக்கிறது. இதை நீங்கள் 'பளபளவென' என்று பெயர்த்திருக்கிறீர்கள். 'பளபள' விட்டுவிடாமல் ஒளிரும் பரப்பைக் காட்டுவது, அதில் எந்த அசையும் அடைபட்டு முடிவதில்லை. 'லப் லுவே' அப்படியல்ல. 'லப்' என்னும்போது உதடுகள் மூடி, காற்றை வெளியே விடாமல் அப்படியே நின்றுவிடுகின்றன. அடுத்து 'லுவே' என்று வாய் விரிகிறது. ஒரு கணம் இருட்டு, ஒரு கணம் ஒளி. மின்மினிக்கும் இதே சொல்லைத்தான் சொல்வார்கள்.

இது இந்த ஒரு சொல்லோடு நிற்பதுமில்லை. முதல் அசை இப்படி 'அப்' என்று அடைபடும் சொற்கள் ஒரு குடும்பமாகவே அங்கே இருக்கின்றன. கண் சிமிட்டுவதற்கும் விளக்கு விட்டுவிட்டு எரிவதற்கும் 'ஞப் ஞாய்', அலை எழுந்து தாழ்வதற்கு 'ஞப் ஞோ', ஒளிந்து எட்டிப் பார்ப்பதற்கு 'லப் லோ'. எல்லாவற்றிலும் ஒன்று தோன்றி மறைகிறது, அல்லது ஏறி இறங்குகிறது. அகராதி 'ஒளிர்' என்று பொருள் தந்தாலும், இந்த அடைப்பு காதில் விழுந்தால் விட்டுவிட்டு நிகழும் ஒன்றைத்தான் தேட வேண்டும்.

நம்மிடம் அதற்குச் சொல் இருக்கிறது. 'மினுமினு' தொடர்ந்து மின்னுவது, 'மினுக் மினுக்' விட்டு விட்டு மின்னுவது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்த ஒரு ககர ஒற்றுத்தான். வியட்நாமியர் உதட்டால் செய்யும் அடைப்பை நாம் அடிநாவால் செய்கிறோம். வரிசை மட்டும் தலைகீழாகிறது: அவர்களுக்கு இருட்டு முந்துகிறது, நமக்கு ஒளி முந்துகிறது. இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'ஃப்ளிக்கர்' என்பதன் நடுவிலும் ஒரு ககர அடைப்பு இருப்பதால், அந்த மொழிக்குப் போகிறவர்கள் 'க்ளோ' என்பதை விட்டு அதையே எடுக்க வேண்டும். ஒலிச்சொல் கிடைக்காத இடங்களில் வினையெச்சங்களை இணைத்துக்கொள்ளலாம். 'லப் லோ'வுக்கு 'மறைந்தும் தெரிந்தும்' பொருந்தும், அதில் மறைவது முதலில் வருவதால் மூலத்தின் வரிசையும் தப்பிவிடுகிறது.

அந்த அடியில் இன்னொன்றும் இருக்கிறது. நெருப்பு, மாதுளை, 'லப்', 'லுவே' ஆகிய நான்கு அசைகளும் மூலத்தில் லகரத்திலேயே தொடங்கி அடுத்தடுத்து வருகின்றன. லகரத்தில் தொடங்கும் சொற்களால் தமிழில் இதைச் செய்ய முடியாது. ஆனால் மதிலும் மாதுளையும் மினுக்கும் நமக்கு மகரத்தில் தாமாகவே வந்து நிற்கின்றன. நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

மதில்மேல் மாதுளைத் தீ மினுக் மினுக்கென மலர்கிறது.

'தீ' இடையில் புகுந்து மகர வரிசையைச் சற்று உடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் உருவகம் போய்விடும், ஆகவே வைத்துக்கொண்டேன். பாட்டியின் குரலில் இரண்டு வடிவங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, உங்களுக்கு எது பொருந்துகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோழி